சிறார் வழக்கின் கோப்பு எங்கே போகிறது?

பையன் மேல் கேஸ் விழுந்துவிட்டால் இனி அரசு வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பதினெட்டு ஆகவில்லையா, அப்படியானால் அவனை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று டீக்கடையில் பேசுவார்கள். இரண்டு பேச்சுமே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் பார்க்காத பேச்சு.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். பதினேழு வயதுப் பையன் ஒருவன், இருபது வயது நண்பனுடன் சேர்ந்து ஒரு பைக்கைத் திருடிவிட்டான். இருவரும் ஒன்றாகவே பிடிபட்டார்கள்.

"இருவர் மீதும் ஒரே வழக்குதானே, ஒரே கோர்ட்தான்"

பிடிபட்ட அன்றே பாதை இரண்டாகப் பிரிகிறது. நண்பன் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போவான், ரிமாண்ட் ஆனால் சிறைக்கும் போவான். பையனை லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு போடக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உயர்ந்த மேடையோ கூண்டோ இருக்கக்கூடாது என்கின்றன விதிகள். ஒரே சம்பவம் என்றாலும் இருவரையும் சேர்த்து விசாரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

சிறுவன் மட்டுமே செய்த திருட்டாக இருந்தால் எஃப்.ஐ.ஆர்.கூடப் போடுவதில்லை. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பப் பின்னணி அறிக்கையுடன் குழுமத்துக்கு அனுப்புவார்கள். கொடுங்குற்றம் என்றாலோ, பெரியவர் யாராவது கூட்டுச் சேர்ந்திருந்தாலோதான் எஃப்.ஐ.ஆர். நம் பையன் விஷயத்தில் நண்பன் இருந்ததால் எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தொல்லை இங்கிருந்துதான் கிளம்பும்.

விசாரணை நடக்கும்போதே அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால்? ஒன்றும் மாறாது. குற்றம் நடந்த தேதியில் என்ன வயது என்பதே கணக்கு.

"கட்டுரை எழுதச் சொல்லி விட்டுவிடுவார்கள்"

இந்த நம்பிக்கையின் பிறப்பிடம் புனே. 2024 மே மாதம் அங்கே சொகுசு கார் மோதி இருவர் இறந்த வழக்கில், காரை ஓட்டிய சிறுவனை 300 சொற்களில் கட்டுரை எழுதச் சொன்னது நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டுரை தண்டனை அல்ல. ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று. சில நாட்களிலேயே குழுமம் அந்த உத்தரவை மாற்றி, அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது.

சிறாருக்கு ஜாமீன் தருவதே விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்றில் ஒன்றைக் காட்டினால்தான் மறுக்கலாம். தவறு உறுதியானால் அறிவுரை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தொடங்கி, அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம் வரை போகலாம். திருட்டு போன்ற சிறு குற்றங்களில் நான்கு மாதத்துக்குள், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதத்துக்குள், விசாரணை முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோகிறது. நண்பனின் வழக்குக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை.

பதினாறு வயது முடிந்தவர் மேல் கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம், சுமத்தப்பட்டால் மட்டும் வேறு வழி உண்டு. அதுவும் தானாகத் திறக்காது. பையனின் மன, உடல் திறன், விளைவை அறியும் திறன், சம்பவம் நடந்த சூழ்நிலை ஆகியவற்றைக் குழுமம் முதலில் எடைபோட்ட பிறகே குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கேயும் தூக்குத் தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

"போலீஸ் ரெக்கார்டு சாகும்வரை கூடவே வரும்"

பெற்றோரை அதிகம் வதைப்பது இந்தப் பயம்தான். சட்டம் இங்கே மூன்று காப்புகளை வைத்திருக்கிறது. குழுமம் ஒருவனைத் தவறிழைத்தவன் என்று முடிவு செய்தாலும், அதனால் வேலைக்கோ தேர்வுக்கோ தகுதி போகாது என்கிறது 24-ஆம் பிரிவு. அதே பிரிவின்படி, ஆவணங்களை அழிக்கச் சொல்லிக் காவல்துறைக்குக் குழுமம் உத்தரவிட வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் அல்லது ஏழு ஆண்டு, அதற்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கின்றன 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள். அழிக்கும் நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வழக்கு முடிந்துவிட்டால், நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்த விவரத்தைக் காவல்துறை வெளியிடக்கூடாது என்று 74-ஆம் பிரிவு தடுக்கிறது. பெயரையோ படத்தையோ வெளியிடும் ஊடகத்துக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். யூடியூப் சேனல்களும் இதில் அடக்கம்.

விலக்கு ஒன்றுதான். பதினாறு முடிந்து, குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டு, குற்றம் உறுதியானவரின் ஆவணம் அந்த நீதிமன்றத்திலேயே இருக்கும்; தகுதிப் பாதுகாப்பும் அவருக்கு இல்லை.

ஏன் இந்த மறைப்பு? சிறுவன் மேல் இரக்கம் என்று மட்டும் சொல்லிவிடுவது பாதிப் பதில். பெரியவர் வழக்கில் கோர்ட் கேட்கும் முதன்மைக் கேள்வி, செய்தானா இல்லையா என்பது. குழுமம் அதோடு ஏன் செய்தான் என்றும் கேட்கிறது. அதற்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கே போய் விசாரித்து, பதினைந்து நாளில் அறிக்கை தர வேண்டும். அப்பாவின் குடி, அம்மாவின் கடன், பையன் பள்ளியை விட்ட காரணம், வீட்டில் வாங்கிய அடி எல்லாம் அந்த அறிக்கையில் வரும். அது நாளைக்கு ஊர் கையில் கிடைக்கும் என்றால் எந்தத் தாய் வாயைத் திறப்பாள்? ரகசியம் காக்கப்படுவதால்தான் குழுமத்துக்கு உண்மை கிடைக்கிறது என்பது என் கருத்து.

நடைமுறை இவ்வளவு சுத்தமாக இல்லை. நம் பையனின் பெயர் நண்பனின் கோப்பில், அந்த ஒரே எஃப்.ஐ.ஆரில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷன் கணினியில் பெயரைத் தட்டினால் அது வந்து நிற்கலாம். அழிக்கும் உத்தரவைக் குழுமம் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியது ஸ்டேஷனுக்குப் போகாமலும் இருக்கலாம். வழக்கு முடிக்கப்படாமல் தூங்கினால் இன்னும் மோசம், ஏனென்றால் 74-ஆம் பிரிவின் அந்தப் பாதுகாப்பு முடிந்த வழக்குக்குத்தான்.

மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு சப்-இன்ஸ்பெக்டராகத் தேர்வான ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. சிறுவயது வழக்கைக் காரணம் காட்டி வேலையை மறுத்தார்கள். குற்றம் உறுதியாகியிருந்தால்கூடச் சிறார் பருவத்து வழக்கு அந்த வேலைக்குத் தடையாகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வென்றார், ஆனால் டெல்லிவரை வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

ஆகவே வழக்கு முடிந்த அன்றே இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் ஆவணங்களை அழிக்கும் வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குழுமத்திடமே மனுக் கொடுக்கலாம். பின்னாளில் வேலைப் படிவத்தில் "உங்கள் மீது வழக்கு இருந்ததா?" என்ற கட்டம் வந்தால், யோசிக்காமல் இல்லை என்று எழுதுவதற்கு முன், அந்த நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. மேலே சொன்ன வழக்கில் அவர் எதையும் மறைக்கவில்லை என்பது அவருக்குச் சாதகமாகவே இருந்தது.