தோள்பட்டை வலியும் புஜத்தில் திடீர்ப் புடைப்பும்



செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வலியைப்பற்றி இம்முறை பார்ப்போம். தோளின் முன்பக்கம் மாதக் கணக்கில் வலிக்கும். ஒரு நாள் வேலைக்காட்டில் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்கும். மறுநாள் பார்த்தால் புஜத்தில் ஒரு பந்து உருண்டு நிற்கும். “சதை பிசகிடுச்சு, எண்ணெய் போட்டு மேலே உருவி விட்டாச் சரியாப்போகும்” என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். சதை பிசகவில்லை, உள்ளே ஒரு கயிறு அறுந்திருக்கிறது. அறுந்த கயிற்றை எந்த எண்ணெயும் ஒட்ட வைக்காது.

நான் தோட்டக் கிளினிக்கில் டிரசராக இருந்தபோது பார்த்த ஒருவரின் கதையையே பாடமாக வைத்துக்கொள்வோம்.

அவருக்கு வயது 51. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழம் வெட்டியவர். உயர்ந்த மரங்களில் நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, முதலில் மட்டையையும் பிறகு குலையையும் இழுத்து வெட்ட வேண்டும். ஆறு மாதமாக அவருக்கு வலது தோளின் முன்பக்கம் வலி. கையைத் தலைக்குமேல் தூக்கினால் வலிக்கும். இரவில் வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் தூக்கம் வராது. வலி சில சமயம் புஜத்தின் முன்பக்கமாக இறங்கும். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் காலை பத்து மணியளவில் மட்டையில் சிக்கிக்கொண்ட அரிவாளை வெடுக்கென்று இழுத்தார். தோளில் ‘டப்’பென்றது. சுரீரென்று ஒரு வலி. கொஞ்ச நேரத்தில் அது தணிந்தது. அதைவிட ஆச்சரியம், ஆறு மாதமாக இருந்த பழைய தோள்வலியும் குறைந்துவிட்டது! வலி போச்சே என்று அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். மறுநாள் முழங்கைக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழம்போல ஒரு புடைப்பு. மூன்றாம் நாள் புஜமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றிப்போய், ஓரங்கள் மஞ்சளாகி இருந்தன. அப்போதுதான் என்னிடம் வந்தார்.

“என்ன சார் இது? கையை மடக்கினா உருண்டை எழும்புது, ஆனா முன்ன மாதிரி வலி இல்லையே?” என்று கேட்டார்.

உள்ளே நடந்தது என்ன?

முழங்கையை மடக்குவதற்கும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதற்கும் உதவுவது புஜத்தின் முன்பக்கத்திலுள்ள இருதலைத் தசை. பெயருக்கேற்ப அதற்கு மேலே இரண்டு தலைகள் உண்டு. ஒவ்வொரு தலையும் தசைநாண் என்ற கயிற்றால் எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. குட்டைத் தலையின் கயிறு தோள்மூட்டுக்கு வெளியே உள்ள ஓர் எலும்பு முனையில் பத்திரமாகக் கட்டியிருக்கும். நெட்டைத் தலையின் கயிறு அப்படியல்ல. அது கை எலும்பின் முன்பக்கத்திலுள்ள குறுகிய பள்ளம் வழியாக ஏறி, எலும்பின் உருண்டைத் தலைமேல் வளைந்து, மூட்டுக்குள்ளே போய்க் கட்டியிருக்கிறது.

கிணற்றுக் கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு கப்பியின் பள்ளத்தில் ஓடி ஓடி அதே இடத்தில்தான் நைந்துபோகும். கையைத் தலைக்குமேல் தூக்கி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தசைநாணும் அப்படித்தான் உரசுகிறது. ஆறு மாத வலி என்பது கயிறு நைந்துகொண்டிருந்த வலி. அரிவாளை இழுத்தபோது மிச்சமிருந்த இழையும் அறுந்தது. அறுந்ததும் உரசுவதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் பழைய வலி குறைந்தது. மேற்பிடி போனதால் தசை முழங்கைப் பக்கமாகச் சுருண்டு இறங்கி உருண்டையாக நிற்கிறது. கேலிச் சித்திரத்தில் வரும் கப்பற்காரரின் கைபோல இருப்பதால் டாக்டர்கள் இதைப் ‘போப்பாய் கை’ என்றும் சொல்வார்கள்.

ஆகவே, வலி குறைந்தது குணமானதற்கு அடையாளமல்ல. இதை நன்றாக மனத்தில் வைக்கவும்.

நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல்தான் இது அதிகம். புகைப்பவர்களுக்குத் தசைநாண் சீக்கிரம் நையும். தோளில் பலமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டாலும் நாண் பலவீனப்படும். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் சில ஜாமு மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார இலாகா பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. பதிவு எண் இல்லாத மாத்திரையைத் தொடாதீர்கள்.

புடைப்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது?

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். அதே தசைக்குக் கீழேயும் ஒரு தசைநாண் உண்டு. அது முழங்கைக்குக் கீழே முன்கை எலும்பில் கட்டியிருக்கிறது. மேல் கயிறு அறுந்தால் சதை கீழே, முழங்கையை நோக்கி இறங்கும். கீழ்க் கயிறு அறுந்தால் சதை மேலே, தோளை நோக்கி ஏறும். முழங்கை மடிப்பில் வலியும் கன்றலும் இருக்கும். கனமான குலையைத் தூக்கும்போது மடக்கிய கை திடீரென்று நீண்டுவிட்டால் கீழ்க் கயிறு அறுவதுண்டு.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மேல் கயிறு அறுந்தால் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. குட்டைத் தலை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் கையை மடக்கும் பலம் அதிகம் குறையாது. திருப்புளியைச் சுழற்றுவதுபோல் உள்ளங்கையை மேலே திருப்பும் பலம்தான் ஓரளவு குறையும். கீழ்க் கயிறு அறுந்தால் பிடிக்க வேறு கயிறு இல்லை. வேலை செய்கிறவருக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. அதையும் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. தாமதித்தால் தசை சுருங்கிப்போய், இழுத்துக் கட்டுவது கடினம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழங்கையை நேர்கோணமாக மடக்கி, உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். மற்ற கையின் ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பின் வெளிப்பக்கமிருந்து கொக்கிபோலப் போடுங்கள். கெட்டியான ஒரு கயிறு விரலில் மாட்டும். முதலில் நல்ல கையில் பார்த்துப் பழகிவிட்டு அடிபட்ட கையில் பாருங்கள். கயிறு மாட்டாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவும். மாட்டினாலும், பாதி அறுந்த கயிறும் மாட்டக்கூடும் என்பதால் முழங்கையில் வலி இருந்தால் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும்.

நம் தோழருக்குக் கயிறு நன்றாக மாட்டியது. சதையும் கீழே இறங்கியிருந்தது. அடுத்து, கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். தோள் உயரம்வரைதான் தூக்க முடிந்தது. இது முக்கியமான சோதனை. நெட்டைத் தலையின் கயிறு நையும் தோளில், கையைத் தூக்கும் மற்றத் தசைநாண்களும் கிழிந்திருப்பது சகஜம். அந்தக் கிழிசல்தான் பின்னாளில் அதிகத் தொல்லை தரும். அதனால் அவரை அரசாங்க ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கே ஸ்கேன் எடுத்ததில் நெட்டைத் தலை முழுதும் அறுந்திருப்பதும், பக்கத்திலுள்ள நாண் பாதி தேய்ந்திருப்பதும் தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாமென்று டாக்டர் முடிவு செய்தார். வயது குறைந்தவராக, முழு பலமும் தேவைப்படுகிறவராக இருந்தால் அறுந்த முனையைக் கை எலும்பில் கட்டும் ஆபரேஷனும் உண்டு. அதையும் முதல் சில வாரங்களிலேயே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

சத்தம் கேட்டதும் வேலையை நிறுத்துங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். கையைச் சில நாள் துணித் தொட்டிலில் தொங்கவிடலாம், ஆனால் வாரக் கணக்கில் கட்டிவைத்தால் தோள் இறுகிவிடும். விரலையும் முழங்கையையும் அன்றாடம் மெதுவாக அசைக்கவும். முதல் நாட்களில் சூடு வைப்பதும் அழுத்தி உருவுவதும் கூடாது. உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும்.

நம் தோழர் பத்து நாளைக்குப் பிறகு குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல் ஆட்டும் பயிற்சியைத் தொடங்கினார். ஆறாவது வாரத்தில் சிறு பாரம் தூக்கினார். மூன்று மாதம் கழித்துத்தான் கம்பைப் பிடித்தார். அதுவும் குட்டை மரங்களில். கடுமையாக உழைத்த நாளில் புஜத்தில் சதை பிடித்து இழுக்கும்; அது சில மாதத்தில் குறைந்தது. உருண்டை மட்டும் போகவில்லை. அது ஆயுளுக்கும் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை.

ஓர் எச்சரிக்கை. தோள் வலியோடு மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இருதயக் கோளாறாக இருக்கலாம். டிரசரைத் தேடி நேரத்தைக் கழிக்காமல் 999-ஐ அழைக்கவும்.

மண்டோரிடம் அன்றே சொல்லுங்கள்

வைத்தியத்தைவிட அவருக்கு அதிகச் சிரமம் கொடுத்தது ஆபீஸ்தான். “ஆறு மாசமா வலின்னு நீங்களே சொல்றீங்க. இது பழைய வியாதி, விபத்து இல்லை” என்றார் கிராணி. அன்று வேலையை முடித்துவிட்டுப் போனதும், மூன்று நாள் கழித்துச் சொன்னதும் அவருக்கு எதிராக நின்றன. பக்கத்து நெரையில் வெட்டிக்கொண்டிருந்த தோழர் அந்தச் சத்தத்தையும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சாட்சியாக எழுதிக் கொடுத்த பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது.

கயிறு முன்பே நைந்திருந்தாலும், அது அறுந்தது வேலை நேரத்தில், வேலைக் கருவியை இழுத்தபோது. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே தேதி, நேரம், நெரை, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், யார் பார்த்தார்கள் என்பதை அன்றே மண்டோரிடமும் கிளினிக் புத்தகத்திலும் பதிவு செய்யவும். டாக்டரிடமும் அதையே சொல்லுங்கள். விபத்தைப்பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சொக்சோ அதை வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டு, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், தற்காலிக இயலாமைக்கு நாட்சம்பளத்தில் 80 சதவிகிதம் கிடைக்கும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த விபத்துத் திட்டம் உண்டு. உங்கள் நெரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள்.

தோளின் முன்பக்கம் இரண்டு வாரத்துக்குமேல் வலிக்கிறதா? கயிறு நைந்துகொண்டிருக்கலாம். அறுவதற்கு முன்பே கிளினிக்குக்கு வாருங்கள். வலி தொடங்கிய தேதியும் அப்போதே புத்தகத்தில் ஏறட்டும்.