ஐபிஓ கிடைக்கல, பணமும் விடுபடலையா?

ஒரு ஐபிஓ திங்கள்கிழமை முடிஞ்சா, நடுவுல விடுமுறை இல்லாத வாரத்துல செவ்வாய் அலாட்மென்ட், புதன் பணம் விடுபடணும், வியாழன் லிஸ்டிங். வியாழனும் உங்க 14,900 ரூபாய் பிளாக்லயே இருந்தா, புரோக்கரைத் துரத்தாதீங்க. பணம் அவர்கிட்ட இல்ல. உங்க வங்கிக் கணக்குலதான் நிக்குது.

ரெஜிஸ்ட்ரார் தளத்துல பான் எண் போட்டு, அலாட்மென்ட் இல்லைங்கிறதை ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதோட விண்ணப்ப எண், யுபிஐ ஆப்ல இருக்கிற மேண்டேட் எண் ரெண்டையும் சேர்த்து வங்கிக்கு மெயில் அனுப்பி, புகார் எண் வாங்குங்க.

செபி விதிப்படி, தாமதத்துக்கு நாளுக்கு 100 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 15%, எது அதிகமோ அது இழப்பீடு. 14,900-க்கு 15%னா நாளுக்கு சுமார் 6 ரூபாய்தான். அதனால 100 ரூபாய்க் கணக்குல கேளுங்க. வங்கி அசையலைன்னா, ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கிற லீட் மேனேஜருக்கு எழுதுங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா, செபியோட ஸ்கோர்ஸ் தளத்துல புகார் போடுங்க.