ஃபார்வர்டு விலை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். ஆறு மாதம் கழித்து 1,00,000 டாலர் வர வேண்டும். இன்றைய விலை 84 ரூபாய் என்றால், ஃபார்வர்டு புக்கிங்குக்கு வங்கி அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. டாலர் ஏறும் என்று வங்கி கணித்துவிட்டதா? அப்படியானால் நான் காத்திருக்கலாமே?

பதில்: வங்கி எதையும் கணிக்கவில்லை. அந்தக் கூடுதல், இரு நாட்டு வட்டிகளின் வித்தியாசத்திலிருந்து பிறப்பது. உதாரணத்துக்கு ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6.5 சதவீதம், டாலருக்கு 4.5 என்று வைத்துக்கொள்வோம்.

வங்கியே இல்லாமல் நீங்களே இந்த விலையை உண்டாக்கிவிடலாம். அரையாண்டுக்கு டாலர் வட்டி 2.25 சதவீதம். இன்று 97,800 டாலர் கடன் வாங்கினால், ஆறு மாதத்தில் கட்ட வேண்டியது ஏறக்குறைய 1,00,000 டாலர். உங்களுக்கு வரும் பணம் அதை அடைத்துவிடும். கடன் வாங்கிய டாலரை இன்றே 84-க்கு மாற்றினால் சுமார் 82.15 லட்சம் ரூபாய். அதை 3.25 சதவீத அரையாண்டு வட்டிக்குப் போட்டால் முடிவில் சுமார் 84.82 லட்சம் கிடைக்கும். டாலருக்கு 84.82 ரூபாய். எந்த இடத்திலும் நாணய விலை ஏறுமா, இறங்குமா என்ற கேள்வியே எழவில்லை.

சூத்திரமாக எழுதினால்:

ஃபார்வர்டு = 84 × 1.0325 ÷ 1.0225 = 84.82

வங்கிகளுக்குள் ஃபார்வர்டு விலை 85.50 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒருவர் 84 ரூபாய் கடன் வாங்கி ஒரு டாலர் வாங்குவார். டாலர் வட்டியோடு அது 1.0225 ஆகும், அதை 85.50-க்கு முன்கூட்டியே விற்று வைத்திருப்பதால் 87.42 ரூபாய் கைக்கு வரும். கடனுக்குக் கட்ட வேண்டியது 86.73 மட்டுமே. டாலருக்கு 69 பைசா, ரிஸ்க் இல்லாமல். இதைப் பார்த்துப் பலரும் ஃபார்வர்டில் டாலரை விற்க ஓடுவதால் விலை இறங்கிவிடும்.

கணக்குப் போடும்போது பெரும்பாலோர் தடுக்குவது இரண்டு இடங்களில். ஆண்டு வட்டியை அப்படியே போட்டால் 85.61 வரும், காலத்துக்கேற்பக் குறைக்க வேண்டும். பின்னத்தைத் தலைகீழாக்கினால் 83.19 வரும். வட்டி அதிகமுள்ள நாணயம் ஃபார்வர்டில் மலிவாகத்தான் இருக்க வேண்டும், அதாவது டாலருக்குக் கூடுதல் ரூபாய். விடை அப்படி இல்லையென்றால் கணக்கு தப்பு.

நிஜத்தில் விலை இந்தச் சமன்பாட்டோடு பைசா சுத்தமாகப் பொருந்தாது. டாலரை இஷ்டம்போல் கடன் வாங்கவும் கொடுக்கவும் இந்தியாவில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே ஏற்றுமதியாளர் விற்பனை, இறக்குமதியாளர் தேவை, ரிசர்வ் வங்கியின் ஸ்வாப் ஆகியவையும் பிரீமியத்தை நகர்த்தும். கட்டுப்பாடு இல்லாத யூரோ, யென் சந்தைகளிலேயே 2008 நெருக்கடியில், டாலர் கடன் கிடைக்காமல் போனதும் இந்தச் சமன்பாடு பெரிதாக உடைந்தது.

காத்திருந்தால் ஆறு மாதம் கழித்து டாலர் 87-ம் ஆகலாம், 82-ம் ஆகலாம், இன்றைய 84.82 அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. துணிக்கு விலை பேசும்போதே 84.82-ஐ வைத்து லாபம் நிற்கிறதா என்று பாருங்கள்; நின்றால் புக் செய்துவிடுவதே என் பரிந்துரை. வங்கியிடம் ஸ்பாட், பிரீமியம், அவர்களுடைய மார்ஜின் மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். பேரம் பேச இடம் இருப்பது மார்ஜினில்தான்.