குரூப்பில் விளம்பரமா? முதலில் அட்மினிடம் கேளுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், பிளவுஸ் தைத்துத் தருவதாகப் பதிவு போட நினைக்கிறீர்களா? முதலில் குரூப்பின் பெயரைத் தொட்டு, விளக்கப் பகுதியைப் படியுங்கள். விளம்பரத்துக்குத் தடை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருப்பார்கள். கீழே உறுப்பினர் பட்டியலில் அட்மின் யார் என்பதும் தெரியும். அவருக்குத் தனியாக இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் மேடம். நான் பி பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். நம்ம குரூப்பில் ஒரே ஒரு முறை, ஒரு படத்தோடு பதிவு போடலாமா? போட நினைப்பதைக் கீழே அனுப்பியிருக்கிறேன். விசாரிப்பவர்களை என் நம்பருக்குத் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை மேடம்."

இதில் முக்கியமானது, பதிவையும் சேர்த்து அனுப்புவதுதான். என்ன, ஏது என்று அட்மின் திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது. படித்ததும் முடிவு சொல்லிவிடுவார். வெறுமனே "ஹாய் மேடம், ஒரு ஹெல்ப்" என்று அனுப்பினால் பதில் வராமலே போகலாம். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், போதும். கிடைத்த அனுமதி அந்த ஒரு பதிவுக்குத்தான்; தீபாவளி சமயத்தில் மறுபடி போட வேண்டுமென்றால், மறுபடியும் கேளுங்கள்.