கொழுந்து கூடும் மாதம், குறையும் மாதம்: பேறுகால விடுப்புக்கு நாள் சராசரி போடும் கணக்கு

வால்பாறையில் தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. பிப்ரவரி, மார்ச் வெயிலில் செடி காய்ந்து நிற்கும். கோடை மழை இரண்டு முறை பெய்துவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கி வரும். நாள் ஒன்றுக்குக் குறிக்கப்பட்ட கிலோவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் பெண்களுக்குத் தனிக் காசு உண்டு. அதைத்தான் சம்பளச் சீட்டில் இன்சென்டிவ் என்று எழுதுகிறார்கள். நாட்கூலி மாதா மாதம் மாறாது. இன்சென்டிவ் மட்டும் ஒரு மாதம் முந்நூறு, இன்னொரு மாதம் மூவாயிரம் என்று ஏறி இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவில் ஒரு பெண் பேறுகால விடுப்பில் போனால், விடுப்பு நாளுக்கு என்ன சம்பளம்? எஸ்டேட் அலுவலகங்களில் பல காலம் செக்ரோல் எழுதி ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவரிடம் இந்தக் கேள்வியோடு பெண்கள் வருகிறார்கள். பேரேட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியவர் என்பதால், கணக்கு எந்த இடத்தில் குறைகிறது என்பது அவருக்குத் தெரியும். “யாரும் வேணும்னு ஏமாத்துறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வரியை மாத்திப் படிச்சாலே அந்தப் பொண்ணுக்கு ஒரு மாசச் சம்பளம் போயிரும்” என்கிறார் அவர்.

அவர் சொல்லும் அந்த வரி, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்தது. பெண் விடுப்பில் போகும் தேதிக்கு உடனடியாக முந்தைய மூன்று காலண்டர் மாதங்களை எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் அவர் வேலை செய்த நாட்களுக்குச் சேர வேண்டிய கூலியின் சராசரிதான் அவருடைய நாள் சராசரி. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே அது போகக் கூடாது. கூலி என்றால் எது என்பதையும் அதே சட்டம் சொன்னது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி போன்ற ரொக்கப் படிகளோடு இன்சென்டிவ் போனஸையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. மற்ற போனஸ், ஓவர்டைம், வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளி கட்டும் பங்கு ஆகியவை அதில் சேரவில்லை. தீபாவளிக்கு வரும் போனஸைச் சேர்க்க முடியாது, கூடுதல் கிலோவுக்கு வந்த காசை விடவும் முடியாது என்பதுதான் அந்த விளக்கத்தின் பொருள்.

எழுத்தர் சொல்லிக்கொடுக்க எடுக்கும் மாதிரிக் கணக்கு ஒன்று உண்டு. நாட்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் ஜூலை 1 முதல் விடுப்பில் போகிறார். அப்படியானால் ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்றும் கணக்குக்கு உரிய மாதங்கள். ஏப்ரலில் 24 நாள் வேலை, இன்சென்டிவ் 1,400 ரூபாய். மே மாதம் 22 நாள் வேலை, இன்சென்டிவ் 3,300. ஜூனில் மழையும் உடல் தளர்ச்சியும் சேர்ந்து 18 நாள்தான் வேலை, இன்சென்டிவ் 1,700.

மொத்தம் 64 நாள் வேலை. அதற்கு நாட்கூலி 28,800 ரூபாய், இன்சென்டிவ் 6,400 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 35,200. அதை 64ஆல் வகுத்தால் நாள் சராசரி 550 ரூபாய். விடுப்பு 26 வாரம், அதாவது 182 நாள். எனவே அவருக்குச் சேர வேண்டியது 1,00,100 ரூபாய்.

இன்சென்டிவை விட்டுவிட்டு நாட்கூலியை மட்டும் பெருக்கினால் 81,900 ரூபாய்தான் வரும். 18,200 ரூபாய் குறைகிறது. சீட்டில் நாட்கூலி தெளிவாக அச்சாகி இருப்பதால், அதையே விடுப்புச் சம்பளம் என்று எடுத்துக்கொள்வது அலுவலகத்துக்கும் சுலபம், பெண்ணுக்கும் இயல்பாகத் தோன்றும். அவர் பார்த்த வழக்குகளில் அடிக்கடி வருவது இந்தக் குறைதான்.

கண்ணுக்குத் தெரியாத குறை இன்னொன்று உண்டு. அது இன்சென்டிவ் எந்த மாதத்தைச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. ஒரு மாதம் எடுத்த கூடுதல் கிலோவுக்கான காசு அடுத்த மாதச் சம்பளத்தோடு கைக்கு வரும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஏப்ரல் சீட்டில் இருப்பது மார்ச் மாத இன்சென்டிவ். ஜூன் மாத இன்சென்டிவ் ஜூலைச் சீட்டில்தான் வரும். மூன்று சீட்டுகளை அப்படியே கூட்டினால், காய்ந்த மார்ச் உள்ளே வந்து, ஜூன் வெளியே போய்விடும்.

மேலே சொன்ன பெண்ணுக்கு மார்ச் இன்சென்டிவ் 300 ரூபாய் என்றால், சீட்டுப்படி கூட்டும்போது இன்சென்டிவ் 5,000 ஆகிவிடுகிறது. சராசரி 528 ரூபாய் சொச்சத்துக்கு இறங்குகிறது. 182 நாளுக்கு ஏறக்குறைய 3,980 ரூபாய் குறையும். சட்டம் பேசுவது வேலை செய்த நாட்களுக்குச் ‘சேர வேண்டிய’ கூலியைப் பற்றி. கைக்கு வந்த தேதியை அது கேட்கவில்லை. அதனால் சீட்டை மட்டும் நம்பாமல், நாள்வாரியாகக் கிலோ எழுதிய கொழுந்துப் பதிவையும் பார்க்க வேண்டும் என்கிறார் எழுத்தர். ஒவ்வொரு நாளும் குறித்த அளவுக்கு மேல் எத்தனை கிலோ, அதற்கு என்ன விலை என்று பெருக்கினால், எந்த மாதக் காசு எந்தச் சீட்டில் ஏறியது என்பது தெரிந்துவிடும்.

வகுக்கும் எண்ணிலும் பிசகு வரும். ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் 91 நாள் என்று 35,200ஐ 91ஆல் வகுத்தால் சராசரி 387 ரூபாய்கூட வராது. நாட்கூலியான 450க்கே கீழே விடை இறங்கினால், வகுத்த எண் தவறு என்று உடனே புரிந்துகொள்ளலாம். தினமும் 450 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதித்தவருடைய வேலை நாள் சராசரி 450க்குக் கீழே போகவே முடியாது.

மே தினம் போன்ற சம்பள விடுமுறைகளில் இதற்கு நேர்மாறான குழப்பம் உண்டு. அன்றைக்குச் சம்பளம் உண்டு, வேலை இல்லை. அந்தச் சம்பளத்தை மேலே கூட்டவும் வேண்டாம், அந்த நாளைக் கீழே எண்ணவும் வேண்டாம் என்பது அவர் கடைப்பிடிக்கும் முறை. நாளை மட்டும் எண்ணிவிட்டால் சராசரி குறையும், காசை மட்டும் கூட்டிவிட்டால் அலுவலகம் மறுக்கும்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு வேலையே இல்லையே, அதுக்கு எப்படிக் காசு கேக்குறது?” என்று ஒரு பெண் அவரிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். சராசரி போடும்போது ஞாயிறை விட்டுவிடுகிறோம், பெருக்கும்போது மட்டும் ஏன் சேர்க்க வேண்டும்?

இதற்கு விடை கோவை மாவட்டத்து எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்த பெண்ணின் வழக்கிலேயே கிடைத்தது. அப்போது விடுப்பு 12 வாரம். நிர்வாகம் ஞாயிறுகளைக் கழித்து 72 நாளுக்குக் கொடுத்தது. அவர் 84 நாளுக்கும் கேட்டார். கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஏழு நாள், அதில் சம்பளமில்லாத ஞாயிறும் அடக்கம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஷா எதிர் கோவை தொழிலாளர் நீதிமன்றம் என்று அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நமது மாதிரிக் கணக்கில் 26 ஞாயிறுகளைக் கழித்தால் 156 நாள்தான் மிஞ்சும். 550 வீதம் பெருக்கினால் 85,800 ரூபாய். 14,300 ரூபாய் அந்த ஒரு கழித்தலில் போய்விடும். வகுக்க வேலை நாள், பெருக்க விடுப்பின் எல்லா நாளும் என்பதை அந்தப் பெண்ணுக்கு எழுத்தர் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தார்.

இந்த மூன்று மாதக் கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குப் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. அங்கே நாள் சராசரி ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தை வைத்துப் போடப்படும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியவர்களும், இ.எஸ்.ஐ.யில் சேராத தோட்டத் தொழிலாளர்களும்தான் இந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். விடுப்பின் நீளமும் எல்லாருக்கும் ஒன்றல்ல. உயிரோடு இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு அடுத்த பேற்றில் 26 வாரத்துக்குப் பதிலாக 12 வாரம்தான்.

விடுப்பு தொடங்கும் தேதியை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இப்போது ஒரு புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மூன்று காலண்டர் மாதம், வேலை செய்த நாட்களின் சராசரி என்ற முறை அதிலும் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பது கூலிக்கான விளக்கம். இன்சென்டிவ் போனஸ் சேரும் என்று பழைய சட்டத்தில் இருந்த வெளிப்படையான வரி புதியதில் இல்லை. ஓவர்டைம், வீட்டு வாடகைப்படி, கமிஷன், தரப்பினர் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தரப்படும் ஊதியம் போன்றவை விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. விலக்கப்பட்டவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி கூலியோடு சேர்க்கப்படும்.

ஆகவே, தங்கள் இன்சென்டிவ் எந்த விதியின் கீழ், எந்தப் பெயரில் தரப்படுகிறது என்பதைப் புதிய காலத்து விடுப்புகளில் சங்கமும் பெண்களும் எழுத்தில் கேட்டு வாங்குவது கட்டாயமாகிறது. அந்தத் தேதிக்கு முன்பே தொடங்கிய விடுப்பில் பழைய சட்டத்தின் வரியைக் காட்டியே இன்சென்டிவைக் கேட்கலாம்.

சராசரி ஏறட்டும் என்று கொழுந்து கூடும் மாதத்தில் வயிற்றுச் சுமையோடு கூடுதல் கிலோ எடுக்கத் துடிப்பவர்களை எழுத்தர் கண்டிப்பாகத் தடுக்கிறார். “காசைக் கணக்குல வாங்கலாம் தாயி, உடம்பைக் கெடுத்துக்கிட்டு வாங்காதே.” விடுப்புத் தேதியை மருத்துவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டும், முந்தைய மூன்று மாத வருமானம் தானாக அதைத் தொடர்ந்து வரும் என்பது அவர் நிலை.

கர்ப்பம் தெரிந்ததுமே ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். தினமும் எடை போட்ட கிலோவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பணம் கொடுக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், எந்த மூன்று மாதம், எத்தனை வேலை நாள், எவ்வளவு இன்சென்டிவ், எத்தனை விடுப்பு நாள் என்று நான்கு விவரங்களையும் எழுத்தில் கேளுங்கள். கடைசி மாத இன்சென்டிவ் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் சங்கத்தின் மூலமோ நேரிலோ தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.