இருடீகேசன் முதல் பாரதந்த்ர்யம் வரை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மணிப்பிரவாள வியாக்கியானங்களை இக்காலத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு அடிக்கடி ஓர் ஐயம் எழும். வடசொல்லை அப்படியே வைப்பதா, தமிழோசைக்கு இசைப்பதா, புதுச்சொல் ஆக்குவதா? அருளிச்செயலைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

முதலில் சொல் வந்த வழியை அறியவேண்டும். பன்னிரு திருநாமங்களைப் பாடும் திருவாய்மொழிப் பதிகத்தில் (2-7) 'இருடீகேசன்' என்னும் திருநாமம் வருகிறது. இது 'ஹ்ருஷீகேசன்' என்பதன் தமிழ் வடிவம். முதலில் நின்ற ஹகாரம் விழுந்தது. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. ஆகையால் இகரம் முன்னே வந்தது. ஷகாரம் டகரமாயிற்று. 'ரிஷி' இருடியானதும் 'விஷம்' விடமானதும் இம்முறையிலேயே.

ஆனால் ஓசை எப்போதும் காட்டிக்கொடுக்காது. அதே பதிகத்து 'மாதவன்' என்பதில் எல்லா எழுத்தும் தமிழெழுத்தே. 'மா தவன்' எனப் பிரித்து 'பெருந்தவமுடையவன்' என்று பொருள் கொள்வாரும் உண்டாகலாம். அது பிழை. இது கேசவாதி வரிசையில் மூன்றாவதாய் நிற்கும் திருநாமம்; 'மா' என்னும் பிராட்டிக்கு 'தவன்', அதாவது நாயகன் என்பதே பொருள். ஓசை ஐயம் தருமிடத்தில் சொல் நிற்கும் இடத்தைக் கொண்டு தெளியவேண்டும்.

இனி, எதைக் கொள்வது என்னும் கேள்வி. திருநாமங்களைப் பெயர்க்க வேண்டுவதில்லை; ஓசைக்கு இசைத்தால் போதும். கருத்தைச் சொல்லும் சொற்களில் புதிது ஆக்குமுன் பாசுரங்களைத் தேடவேண்டும். 'அஹங்காரம், மமகாரம்' என்னும் இரண்டையும் நம்மாழ்வார் 'வீடுமின்' பதிகத்தில் 'நீர், நுமது' என்னும் எளிய சொற்களாலேயே காட்டினார். 'சேஷத்வம்' என்பதற்கும் 'அடிமை' என்னும் ஆழ்வார்கள் சொல் உண்டு.

தடை வருவது 'பாரதந்த்ர்யம்' என்பதில். இதனையும் 'அடிமை' என்றே எழுதினால், இரண்டையும் வேறாகக் கூறும் ஸ்ரீவசனபூஷணத்து வாக்கியங்கள் பொருளற்றுப் போகும். எம்பெருமானுக்கு உரிய பொருளாய் அவனுக்குப் பெருமை சேர்க்க இருப்பது சேஷத்வம். அவன் தன் விருப்பப்படி நடத்த, அதற்கு முழுதும் வசப்பட்டிருப்பது பாரதந்த்ர்யம். சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் 'பிறர்வயமை' என்று ஆக்கினாலோ, எம்பெருமானைப் பிறரென்று சொன்னதாகிக் கருத்தே மாறிவிடும்.

ஆகவே இங்கு வடசொல்லையே வைத்து, முதல் வருகையில் 'அவன் வசமாயிருத்தல்' என்று ஒருமுறை விளக்குவதே தகும். வேறொரு புதுச்சொல் தோன்றினால், அதனை இவ்விரு சொற்களும் சேர்ந்து வரும் ஒரு வாக்கியத்தில் இட்டு, மூலம் அறியாத ஒருவரைப் படிக்கச் செய்யலாம். இரண்டின் வேற்றுமையை அவர் தாமே சொல்லக்கூடுமாகில் அச்சொல்லைக் கொள்வோம். இல்லையேல் பூர்வர்கள் வைத்த சொல்லே இருக்கட்டும்.

அடியோம்.