காயில் கட்டும் கடையின் விலைப்புள்ளி

நம்மில் பலர் வாடகை வீடுகளில் கூடி வாழ்கிறோம். அங்கே தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துவிட்டால், காயில் கட்டும் கடைக்காரர் கொட்டேஷன் எழுதித் தருவார். அதனைப் படிக்கும் முறையைக் காண்போம்.

ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு இப்படி ஒன்று வந்ததாகக் கொள்வோம்: செம்புக் கம்பி 1.5 கிலோ, கிலோ 1,000 ரூபாய் வீதம் 1,500, காப்புத்தாளும் வார்னிஷும் 200, பேரிங் இரண்டு 300, கூலி 700, ஆக 2,700 ரூபாய். 7 நாள் வரை செல்லும்.

முதலில் கம்பியைப் பாருங்கள். ‘கம்பி 1,500’ என்று மட்டும் இருந்தால், செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றப்படலாம். அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. அதே பருமனில் சுற்றினால் மோட்டார் விரைவில் சூடேறி மறுபடி எரியும். ஆகவே உலோகத்தின் பெயரும் எடையும் தாளில் இருத்தல் வேண்டும். மேற்பூச்சின் நிறத்தை நம்பலாகாது. நுனியைச் சுரண்டினால் செம்பு சிவந்தும் அலுமினியம் வெளுத்தும் தோன்றும்.

அடுத்து, அறுத்தெடுத்த பழைய கம்பி நம்முடையது. அது 1.3 கிலோ இருந்து, பழைய செம்பு கிலோ 600 ரூபாய்க்குப் போகுமானால் 780 ரூபாய் ஆகிறது, கூலியைவிட மிகுதி! அது யாருக்கு என்பதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

செம்பின் சந்தை விலை நாள்தோறும் மாறுவதாலேயே தவணை குறுகியிருக்கிறது. தவணை கடந்தபின் கம்பியின் விலை ஏறலாம். அதே வேலைக்கு அதனைக் காட்டிக் கூலியை உயர்த்த நியாயமில்லை. பழைய தாளைக் கிழிக்காமல் வைத்திருந்து, புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.